படப்புதிர்க் கட்டு: எளிதிலிருந்து கடினத்துக்கு

தேன் வழியும் கரண்டி ஒன்று. பக்கத்தில் ஓர் ஈ. இரண்டின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் தேனீ. படங்களின் பெயர்களை அடுத்தடுத்து ஒலித்து இன்னொரு சொல்லைக் கண்டுபிடிக்கும் இந்த விளையாட்டைத்தான் இந்த அத்தியாயத்தில் செய்யப் போகிறோம். தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சியைப் பார்த்துப் பிள்ளைகள் இதைக் 'கனெக்‌ஷன்' என்று சொல்வதும் உண்டு. நாம் படப்புதிர் என்றே சொல்வோம்.

இரண்டு மூன்று புதிர்களை எவரும் உட்கார்ந்த இடத்தில் யோசித்துவிடலாம். 2-ஆம் வகுப்புப் பிள்ளை தொடங்கி 4-ஆம் வகுப்புப் பிள்ளை முடிக்கும்படி 25 அட்டைகளை வரிசைப்படுத்துவதுதான் வேலை. பலரும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கடினமாக்கப் பார்க்கிறார்கள்: முதலில் இரண்டு படம், பிறகு மூன்று, பிறகு நான்கு. தமிழில் இந்த அளவுகோல் சரிப்படாது. 8 என்ற எண், ஒரு கால், ஒரு பூச்சி என்று மூன்று படங்கள் இருந்தாலும் எட்டுக்கால் பூச்சியைப் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பழம், கூடை என்று இரண்டே படங்கள் உள்ள அட்டையில் 'பழம்கூடை' என்று எழுதிவிட்டு, எங்கே தவறு என்று தெரியாமல் விழிக்கிறார்கள். கடினம் படங்களின் எண்ணிக்கையில் இல்லை. இரண்டு பெயர்கள் ஒட்டும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. எழுத்து மாறாமல் ஒட்டுகிறதா, இரண்டு எழுத்து ஒன்றாகிறதா, புதிதாக ஓர் எழுத்து வருகிறதா, இருந்த எழுத்து போய்விடுகிறதா? இந்த வரிசையிலேயே கட்டை அமைத்தால் ஏற்றம் மென்மையாக அமையும்.

ஐந்து படிகள்

முதல் படியில் எழுத்தும் மாறக் கூடாது, பொருளும் விலகக் கூடாது. தேன்கூடு, மீன்வலை, பூமாலை, மீன்தொட்டி, கால்பந்து. இந்த ஐந்திலும் படங்களைப் பார்த்தபடி வாசித்தாலே விடை வந்துவிடும். விடை குறிக்கும் பொருளும் படத்திலேயே பாதி தெரியும். இது புதிரே இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கே பிள்ளை விளையாட்டின் விதியை மட்டும் கற்றுக்கொள்கிறது: இடமிருந்து வலமாக, பெயரைச் சொல், சேர்த்துச் சொல். அதற்கு மேல் எதையும் இந்தப் படியில் வைக்காதீர்கள்.

கால்பந்து பற்றி ஒரு சொல். காற்பந்து என்பதுதான் இலக்கணப்படி சரி என்று யாராவது சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியா ஊடகங்களில் காற்பந்து என்றே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு நாளிதழ்களில் கால்பந்து என்பது நிலைத்துவிட்டது. கட்டு எந்த ஊர்ப் பிள்ளைக்கோ அந்த ஊரின் பாடநூலில் உள்ள வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்பந்து என்று எழுதும் இடமானால் இந்த அட்டையை முதல் படியிலிருந்து எடுத்துவிட வேண்டும். ல் என்பது ற் ஆகும் மாற்றம் இந்தக் கட்டின் எந்தப் படியிலும் இல்லை. ஐயம் வரும்போது பாடநூலையும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் பாருங்கள். இன்றைய எழுத்து வழக்கு எது என்பது அவற்றில் கிடைக்கும்.

இரண்டாம் படியில் எழுத்து மாறாது. பொருள் மட்டும் தாவும். கால்வாய், பாய்மரம், கைதட்டு, ஏழுமலை, ஆறுமுகம், வால்பாறை. ஒரு காலும் ஒரு வாயும் சேர்ந்து தண்ணீர் ஓடும் கால்வாய் ஆகிறது. தரையில் விரிக்கும் பாயும் ஒரு மரமும் சேர்ந்து கப்பலுக்குப் போகிறது. சாப்பாட்டுத் தட்டு, தட்டு என்ற வினையாகிறது. படம் பொருளுக்காக அல்ல, ஒலிக்காக நிற்கிறது என்பதைப் பிள்ளை முதன்முதலாக உணரும் இடம் இது. என் கணக்கில் கட்டு முழுவதிலும் மிக முக்கியமான படி இதுதான். ஆறு அட்டைகளை இதற்குக் கொடுத்திருப்பது அதனால்தான். படத்தை ஒலிக்காகப் பயன்படுத்துவது மிகப் பழைய உத்தி. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் நார்மர் என்ற அரசனின் பெயரை ஒரு கெளுத்தி மீனும் ஓர் உளியும் வரைந்து எழுதினார்கள். மீனின் பெயர் 'நர்', உளியின் பெயர் 'மர்' என்று ஒலித்ததே காரணம். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள மீன் குறி, விண்மீனைக் குறிக்கும் 'மீன்' என்ற ஒலிக்காக நிற்கலாம் என்று ஹெராஸ் பாதிரியாரும் அஸ்கோ பர்ப்போலாவும் கருதினார்கள். அந்த எழுத்து இன்னும் உறுதியாகப் படிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால், 4-ஆம் வகுப்பில் இந்தச் செய்திக்குக் கண்கள் விரியும்.

இந்தப் படியில் பொருள் தாவுவதால் அட்டையின் அடியில் ஒரு குறிப்பு வரி தேவை. பாய்மரத்துக்கு 'காற்று அடித்தால் கப்பலை நகர்த்துவேன்', வால்பாறைக்கு 'தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலை ஊர்' என்பதுபோல ஒரே வாக்கியம் போதும். குறிப்பில் விடையின் எந்தப் பகுதியும் வரக் கூடாது.

கைதட்டு என்பதில் த் மிகாதா என்று ஓர் ஆசிரியர் கேட்கக்கூடும். கையைத் தட்டு என்ற பொருளில் 'ஐ' மறைந்து நிற்பதால் அங்கே வல்லினம் மிகாது. நான்காம் படியில் கைப்பை வரும்போது இந்தக் கேள்வி நிச்சயம் எழும். பதிலைக் கைவசம் வைத்திருங்கள், பிள்ளைகள் கேட்டாலொழியச் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் படியில் மெய்யெழுத்தின் மேல் உயிரெழுத்து ஏறி உட்காரும். தேன் + ஈ = தேனீ. கடல் + ஆமை = கடலாமை. மயில் + இறகு = மயிலிறகு. பால் + ஆடை = பாலாடை. இது கடினமாகத் தோன்றினாலும் பிள்ளைக்குப் புதிதல்ல. ன் என்பதும் ஈ என்பதும் சேர்ந்தால் னீ என்று உயிர்மெய் வரிசையில் ஏற்கெனவே படித்ததுதான். அதனால்தான் வல்லினம் மிகும் சொற்களுக்கு முன்னால் இதை வைத்திருக்கிறேன்.

நான்காம் படியில் இரண்டு பெயர்களுக்கும் நடுவே இல்லாத ஓர் எழுத்து வந்து நிற்கும். கைப்பை, கைப்பந்து, வாய்க்கால், நாய்க்குடை, எட்டுக்கால் பூச்சி, திண்டுக்கல். இங்கே இரண்டு சோடிகளைக் கவனியுங்கள். முதல் படியில் கால்பந்து வந்தது, அங்கே எழுத்து மாறவில்லை. இங்கே கைப்பந்து, ப் வருகிறது. இரண்டாம் படியில் கால்வாய். அதே இரண்டு படங்களை இடம் மாற்றினால் வாய்க்கால், நடுவில் க் வருகிறது. படங்கள் பழகியவை, விடைகள் பழகியவை, இணைப்பு மட்டும் புதிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற இதைவிட நல்ல சோடி எனக்குக் கிடைக்கவில்லை. வாய்க்கால் அட்டையைக் கொடுக்கும்போது பழைய கால்வாய் அட்டையையும் பக்கத்தில் வையுங்கள். படங்களின் வரிசையும் விடையைத் தீர்மானிக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படியில் இருக்கும் எழுத்து போய்விடும். பணம் + பை = பணப்பை. பழம் + கூடை = பழக்கூடை. பழம் + சாறு = பழச்சாறு. இவற்றில் ம் போய், அந்த இடத்தில் வல்லின மெய் வருகிறது. கடைசி அட்டை மணிமுத்தாறு: மணி, முத்து, 6. இரண்டாம் படியில் ஆறு முகத்தை எண்ணிய அதே 6, இங்கே ஓடும் ஆறாகிறது. முத்து என்பதன் கடைசி உகரம் போய் ஆ வந்து ஏறுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் அணையும் அருவியும் உள்ள ஊர் என்று குறிப்பு வரி எழுதுங்கள்.

கட்டங்கள் சொல்லும் கணக்கு

ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதன் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை வெற்றுக் கட்டங்கள் வரையுங்கள். விடைக்கும் கீழே ஒரு வரிசை. மெய்யெழுத்தும் ஓர் எழுத்து என்றே எண்ண வேண்டும்; தேன் என்பதற்கு இரண்டு கட்டம், பந்து என்பதற்கு மூன்று.

இந்தக் கட்டங்களுக்கு இரண்டு வேலை உண்டு. முதலாவது, பேச்சு வழக்கை எழுத்து வழக்குக்குக் கொண்டுவருவது. பிள்ளைகள் காலு, பாலு, தேனு, கல்லு என்றுதான் சொல்வார்கள். அந்த ஒலியோடு சேர்த்தால் 'காலுவாயி' என்று வரும், விடை கிட்டாது. கல் படத்தின் கீழ் இரண்டே கட்டத்தைப் பார்த்ததும் 'கல்லு இல்ல, கல்' என்று தாங்களே திருத்திக்கொள்வார்கள். காலு, கால் இரண்டுக்கும் இரண்டே எழுத்து என்பதால் அதுபோன்ற சொற்களில் மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் பந்துப் படத்தைப் பார்த்து 'பால்' என்று சொல்லும் பிள்ளை உண்டு. நம் கட்டில் பால் என்று வேறொரு படமே இருக்கிறது. மூன்று கட்டத்தைப் பார்த்தால் அந்தக் குழப்பமும் தீரும்.

இரண்டாவது வேலை இதைவிட நுட்பமானது. மேல் வரிசைக் கட்டங்களையும் விடைக் கட்டங்களையும் எண்ணி ஒப்பிட்டால் இணைப்பில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். கால் 2, வாய் 2, கால்வாய் 4: எதுவும் மாறவில்லை. தேன் 2, ஈ 1, ஆனால் தேனீ 2 மட்டுமே: ஒன்று குறைந்திருக்கிறது, ஏதோ இரண்டு எழுத்து ஒன்றாகிவிட்டது. வாய் 2, கால் 2, ஆனால் வாய்க்கால் 5: ஒன்று கூடியிருக்கிறது, நடுவில் யாரோ வந்திருக்கிறார்கள். புணர்ச்சி விதியின் பெயர் எதுவும் சொல்லாமலே பிள்ளை அதைக் கையாளத் தொடங்குகிறது.

ஐந்தாம் படியில் இந்தக் கணக்கு ஏமாற்றும். பழம் 3, கூடை 2, பழக்கூடை 5. எண்ணிக்கை சமமாக இருப்பதால் 'பழம்கூடை' என்று எழுதினாலும் கட்டங்களில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆகவே இந்தப் படியில் மாறும் எழுத்தின் கட்டத்தை மட்டும் பென்சிலால் நிழலிட்டுக் காட்டுங்கள். பணப்பை, பழச்சாறு இரண்டுக்கும் அப்படியே. மணிமுத்தாறில் மேலே 7, கீழே 6. அங்கே நிழல் வேண்டாம், மூன்றாம் படியில் பழகிய கண் அதைக் கண்டுகொள்ளும்.

படத்தின் பெயர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்

புதிர் வீணாகும் இடங்களில் பாதிக்கு மேல் படத்தில்தான் இருக்கிறது. நாம் பாறை வரைந்தால் பிள்ளை மலை என்கிறது. ஆடை வரைந்தால் சட்டை, கவுன், துணி என்று மூன்று பெயர் வருகிறது. வாய் வரைந்தால் உதடு. திண்டு வரைந்தால் தலைகாணி. இறகு வரைந்தால் றெக்கை. இதை அட்டை செய்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்பே கண்டுபிடிப்பது நல்லது. புதிரைக் காட்டாமல், படங்களைத் தனித்தனிச் சிறு தாள்களில் வரைந்து, புதிர் விளையாடப் போகாத வேறு வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் ஒவ்வொருவராகக் காட்டி 'இது என்ன?' என்று மட்டும் கேளுங்கள். முதலில் வாயில் வரும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுப் பேராவது நாம் நினைத்த சொல்லைச் சொல்ல வேண்டும். பேச்சு வழக்கு என்பதால், காலு என்பதைக் கால் என்றே எண்ணிக்கொள்ளலாம். சட்டை என்பதை ஆடை என்று எண்ணிக்கொள்ள முடியாது.

தேர்ச்சி பெறாத படத்தை எப்படிச் சரிசெய்வது? உடல் உறுப்புக்கு ஒரு வழி உண்டு. முழு உருவத்தையும் புள்ளிக்கோட்டில் வரைந்து, வேண்டிய உறுப்பை மட்டும் தடித்த கோட்டில் வரையுங்கள். வால் வேண்டுமென்றால் பசு முழுவதும் புள்ளிக்கோடு, வால் மட்டும் தடிப்பு. வாய்க்கு முகம் புள்ளிக்கோடு. உதடு மட்டும் தெரியாமல், திறந்த வாய், பல் தெரியும்படி. வண்ணத்தில் வேறுபடுத்துவதைவிடக் கோட்டில் வேறுபடுத்துவது மேல், ஏனென்றால் இந்தக் கட்டை அடுத்த வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுப்பீர்கள்.

ஆடை போன்ற பொதுப்பெயருக்கு ஒரே ஒரு பொருளை வரையாதீர்கள். கயிற்றுக் கொடியில் பாவாடை, சட்டை, துண்டு என்று மூன்றைத் தொங்கவிட்டால் 'துணி' என்ற பதில் வரும். அதற்கும் இரண்டு கட்டம்தான் வேண்டும் என்பதால் குழப்பம் தொடரும். இதற்கு நான் கண்ட தீர்வு, பாலாடை அட்டையில் மட்டும் ஆடை என்ற சொல்லின் முதல் கட்டத்தில் ஆ என்று எழுதிக் கொடுத்துவிடுவது. ஓர் எழுத்தை இலவசமாகக் கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. மூன்றாம் படியில் சோதிக்கப்படுவது ல் மேல் ஆ ஏறும் இடம், துணிக்கு இன்னொரு பெயர் அல்ல.

வேறு வட்டாரத்துப் பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்லும் என்பதையும் இந்தச் சோதனையே காட்டிக்கொடுக்கும். நாய்க்குடையைக் காளான் என்று மட்டும் அறிந்த ஊர்களில் அந்த அட்டை எடுபடாது. அங்கே பேசி ஒப்பேற்றப் பார்க்காமல் அட்டையை மாற்றுங்கள். மணி, கூண்டு என்று வரைந்து மணிக்கூண்டு வைக்கலாம், இணைப்பு அதே வகைதான்.

ஒலியில் ஒரு கண்டிப்பு வேண்டும். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைக்கக் கூடாது. குதிரையும் வாளியும் வரைந்து குதிரைவாலி என்று விடை வைக்கும் ஆசை யாருக்கும் வரும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வாலியும் வாளியும் வேறு என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும் வகுப்பில், புதிரே அவற்றை ஒன்றாக்கினால் பிள்ளை எதை நம்பும்? குறில் நெடிலுக்கும் இதே கண்டிப்பு. தேன், ஈ என்று வரைந்து தேனி என்ற ஊரை விடையாக வைக்காதீர்கள்.

ஓர் அட்டை பிறக்கும் விதம்

தேனீ அட்டையை எடுத்துக்கொள்வோம். தேனை எப்படி வரைவது என்பதே முதல் சிக்கல். புட்டியில் வரைந்தால் எண்ணெய், மருந்து, ஜாம் என்று எதுவும் வரும். அடையிலிருந்து சொட்டுவதாக வரைந்தால் 'தேன்கூடு' என்ற முழுச் சொல் வந்துவிடும். கரண்டியிலிருந்து கெட்டியாக நூல்போல வழிந்து, கீழே வட்டம் வட்டமாகப் படியும்படி வரைந்தால் ஓரளவுக்குத் தேன் என்று வரும். ஆனாலும் முதல் பார்வையில் சிலர் பாகு என்பார்கள். அதற்கும் இரண்டு கட்டம்.

இங்கேதான் கட்டின் வரிசை கைகொடுக்கிறது. இதே கரண்டிப் படம் முதல் படியில் தேன்கூடு அட்டையில் வந்துவிட்டது. அங்கே அடுத்த படம் கூடு. விடை மிக எளிது. விடை தெரிந்ததும் அந்தக் கரண்டி தேன்தான் என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. மூன்றாம் படிக்கு வரும்போது அந்தப் படத்தைப் பற்றிச் சந்தேகமே எழாது. ஆகவே ஒரு பொருளுக்கு ஒரே படம். கட்டு முழுவதும் அதையே நகலெடுத்து ஒட்டுங்கள், அழகுக்காக வேறுவிதமாக வரையாதீர்கள். மேலே சொன்ன 25 அட்டைகளுக்கு 37 படங்களும் 6, 7, 8 என்ற மூன்று எண்களுமே போதும். கால் மட்டும் நான்கு அட்டைகளில் வருகிறது.

இரண்டாவது படம் ஈ. அதைக் கொசு என்பார்கள், வண்டு என்பார்கள், பூச்சி என்பார்கள். ஒரே ஒரு கட்டம் இவை எல்லாவற்றையும் தள்ளிவிடும், ஏனென்றால் ஓரெழுத்துப் பூச்சி தமிழில் ஈ மட்டும்தான். ஈயைத் தின்பண்டத்தின் மேல் உட்கார்ந்தபடி வரையாதீர்கள், தின்பண்டத்தின் பெயரைச் சொல்லத் தொடங்குவார்கள். தேனீயைப் போலக் கோடு கோடாகவும் வரையாதீர்கள், விடை வெளியே வந்துவிடும். வெறும் தாளில், மேலிருந்து பார்த்ததுபோல், இரண்டு சிறகு விரித்த ஈ.

விடைக்கு இரண்டு கட்டம். மேலே மூன்று, கீழே இரண்டு. பிள்ளை 'தேன்ஈ' என்று எழுதப் பார்க்கும், இடம் போதாது. வாய்விட்டு வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். காது முதலில் கண்டுபிடிக்கும், பிறகு கை எழுதும். அப்போதும் 'தேனி' என்று எழுதும் பிள்ளை இருக்கும். மேலே உள்ள எழுத்து இ-யா, ஈ-யா என்று மட்டும் கேட்டால் போதும். இந்த அட்டைக்குக் குறிப்பு வரி தேவையில்லை.

ஒரு படியின் முதல் அட்டையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் இதிலிருந்து கிடைக்கிறது: பழகிய படம் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். மூன்றாம் படியைத் தேனீயில் தொடங்குங்கள், தேன் பழகியது. நான்காம் படியைக் கைப்பையில் தொடங்குங்கள், கை பழகியது. ஐந்தாம் படியைப் பணப்பையில் தொடங்குங்கள், பை அப்போது பழகியிருக்கும்.

விளையாடவிட்டுப் பார்ப்பது

அட்டை ஏ4 தாளில் பாதி அளவு இருந்தால் நான்கு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்க்க முடியும். கெட்டிச் சார்ட் அட்டையில் ஒட்டி, முடிந்தால் லேமினேஷன் செய்துவிட்டால், கட்டங்களில் எழுதி எழுதித் துடைக்கலாம். அதற்குத் துடைக்கக்கூடிய மார்க்கர் வேண்டும். விடையை அட்டையின் பின்புறம் எழுதாதீர்கள், திருப்பிப் பார்த்துவிடுவார்கள். எண் மட்டும் போட்டு, விடைத்தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடவேளைக்கு ஒரு படிக்கு மேல் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை தொடங்கும்போது பழைய படியிலிருந்து ஓர் அட்டையை முதலில் நீட்டுங்கள்.

முதல் முறை விளையாடவிடும்போது எத்தனை நிமிடம் ஆனது என்று பார்ப்பதில் பயன் குறைவு. எந்த இடத்தில் நின்றார்கள் என்று பாருங்கள். மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிற்பார்கள்.

படத்துக்கே தவறான பெயர் சொல்லி நின்றால், படம் குறையுடையது. மாற்றி வரையுங்கள், அல்லது ஓர் எழுத்தைக் கட்டத்தில் நிரப்பிக் கொடுங்கள். பெயர்களைச் சரியாகச் சொல்லிவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் நின்றால், படி முன்கூட்டியே வந்துவிட்டது. அதே வகையில் இன்னும் எளிதான ஓர் அட்டையை அதற்கு முன்னால் வையுங்கள். சரியாகச் சேர்த்து 'பாலாடை' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அதுதான் விடை என்று தெரியாமல் அடுத்த பதிலைத் தேடினால், அந்தச் சொல் பிள்ளைக்குத் தெரியாது. இந்த மூன்றாவது நிலையைத்தான் பெரியவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். குறிப்புக்கு மேல் குறிப்பாகக் கொடுக்கிறார்கள். தெரியாத சொல்லை எந்தக் குறிப்பும் வாய்க்குக் கொண்டுவராது. நகரத்துப் பிள்ளைக்கு வாய்க்காலும் அப்படி இருக்கலாம். அந்தச் சொல்லை வேறு பாடத்தில் அறிமுகப்படுத்திவிட்டுப் பிறகு அட்டையைக் கொண்டுவாருங்கள், அல்லது அட்டையை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு அட்டையின் எண்ணுக்கு எதிரே ப, இ, சொ என்று மூன்றில் ஒன்றைக் குறித்து வந்தால் போதும்: படம், இணைப்பு, சொல். நான்கைந்து குழுக்கள் விளையாடி முடித்ததும் அந்தத் தாளைப் பார்த்தால், எந்த அட்டை எங்கே நகர வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். ஒரே படிக்குள் 'இ' குறி அதிகம் உள்ள அட்டை கடைசிக்குப் போக வேண்டும். 'ப' குறி மட்டுமே உள்ள அட்டையை நகர்த்தாதீர்கள். அதன் குறை வரிசையில் இல்லை.

1-ஆம் வகுப்புக்கும், கட்டை முடித்தவர்களுக்கும்

இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் ஒரு படமும் மீதி எழுத்துகளும் கலந்த தனிக் கட்டு செய்யலாம். தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் நிறைய இருப்பது இதற்கு வசதி. நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. அவற்றில் வரையக்கூடியவை பூ, கை, பை, ஈ, தீ என்று சிலவே என்றாலும் பூ ஒன்றே போதும்: பூ வரைந்து பக்கத்தில் ரி எழுதினால் பூரி, னை எழுதினால் பூனை, ட்டு எழுதினால் பூட்டு. பையை வரைந்து யன் எழுதினால் பையன். இங்கே இணைப்பில் மாற்றம் எதுவும் இல்லை என்பதால் இது முதல் படிக்கும் முந்தையது.

25 அட்டைகளையும் முடித்த பிள்ளைகளுக்கு எழுத்தைக் கழிக்கும் புதிர் கொடுக்கலாம். முதலைப் படத்தின் முதல் கட்டத்தை அடித்துவிட்டால் தலை. குதிரையின் முதல் கட்டத்தை அடித்தால் திரை. கழிப்பது எப்போதும் முழு எழுத்தாக இருக்கட்டும். கொம்பை மட்டும் எடு, காலை மட்டும் எடு என்று எழுத்தின் துணுக்கைக் கழிக்கும் புதிர்கள் தாளில் புத்திசாலித்தனமாகத் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்க்க முடியாத புதிரை இந்த வயதுக்குக் கொடுக்காதீர்கள்.

புதிய அட்டைகளைச் சேர்க்கும் ஆசை வரும்போது, எந்தப் படிக்கு என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சொல்லைத் தேடுங்கள். நல்ல சொல் கிடைத்துவிட்டது என்பதற்காகப் படியை வளைக்க வேண்டாம். அது பொருந்தும் இன்னொரு கட்டுக்காகக் குறிப்பேட்டில் காத்திருக்கட்டும்.